கம்பெனி வீடும் கம்பெனி காரும் சம்பளத்தோடு எப்படிச் சேரும்? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி பிறந்ததும் இதே சந்தேகங்களோடு ஆட்கள் வருகிறார்கள், போன் செய்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு பதிலை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். எல்லாமே 2025-26 நிதியாண்டுக்கான கணக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

கையில காசே வரல, வீடும் காரும் குடுத்திருக்காங்க, அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு வரி?

வேலை பார்ப்பதற்காக முதலாளி தருவது காசாக வந்தாலும் வசதியாக வந்தாலும் சட்டத்துக்குச் சம்பளம்தான். வசதியாக வருவதற்குப் பெர்க்விசிட் என்று பெயர். ஆபீசில் சுருக்கமாகப் பெர்க் என்பார்கள். பிரிவு 17(2) எதெல்லாம் பெர்க் என்று சொல்கிறது. அதற்கு எத்தனை ரூபாய் மதிப்புப் போடுவது என்பதை வருமான வரி விதிகளில் 3ஆம் விதி சொல்கிறது.

அந்த மதிப்பைச் சம்பளத்தோடு கூட்டி, கூட்டிய தொகைக்குத்தான் வரி. பழைய வரி முறையில் இருந்தாலும் புதிய முறையில் இருந்தாலும் மதிப்புப் போடும் வழி ஒன்றேதான். புதிய முறைக்குப் போனால் பெர்க் விட்டுப்போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

அண்ணே, வீட்டுக்கு எவ்வளவுன்னு எப்படிப் போடுறாங்க? ஊர்ல ஓடுற வாடகையா?

ஊர் வாடகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீடு யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. கம்பெனிக்குச் சொந்தமான வீடு என்றால் ஊரைப் பொறுத்து உங்கள் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் மதிப்பாகும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 40 லட்சத்துக்கு மேல் உள்ள நகரத்தில் 10 சதவீதம், 15 லட்சத்துக்கு மேல் 40 லட்சம் வரை 7.5 சதவீதம், மற்ற ஊர்களில் 5 சதவீதம். காரைக்குடியின் மக்கள்தொகை அந்தக் கணக்கில் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. எனவே இங்கே 5 சதவீதம், சென்னையில் 10 சதவீதம்.

கம்பெனி வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்து உங்களுக்குக் கொடுத்திருந்தால் ஊர் பார்ப்பதில்லை. கம்பெனி கொடுக்கும் வாடகை, உங்கள் சம்பளத்தில் 10 சதவீதம், இந்த இரண்டில் எது குறைவோ அது. இரண்டு வகையிலும் உங்கள் சம்பளத்திலிருந்து வாடகையாகப் பிடித்த தொகையைக் கடைசியில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தச் சதவீதங்கள் 2023 செப்டம்பர் 1 முதல் இருப்பவை. அதற்கு முன் 15, 10, 7.5 என்று இருந்தன. பழைய எக்செல் தாளை வைத்துக்கொண்டு இன்னும் 7.5 போடும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தாளிலும் ஒருமுறை பாருங்கள்.

சம்பளத்துல இத்தனை சதவீதம்ங்கிறீங்க. எந்தச் சம்பளம்? பி.எஃப். எல்லாம் பிடிச்சது போக கைக்கு வர்றதா?

கைக்கு வருவது அல்ல. அடிப்படைச் சம்பளம், வரிக்கு உட்பட்ட அலவன்ஸ்கள், போனஸ், கமிஷன் எல்லாவற்றையும் பிடித்தத்துக்கு முன்னால் உள்ள தொகையாகக் கூட்ட வேண்டும். அகவிலைப்படி உங்கள் ஓய்வுக்காலப் பலன்களுக்குக் கணக்கில் எடுக்கப்படுமானால் அதுவும் சேரும், இல்லாவிட்டால் சேராது. உங்கள் பங்காகப் பிடித்த பி.எஃப். அடிப்படைச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கழிக்கக் கூடாது.

சேர்க்கக் கூடாதவை: முதலாளி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., வரிவிலக்கு பெற்ற அலவன்ஸ், மற்ற பெர்க்குகளின் மதிப்பு. கடைசியில் சொன்னதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். காரின் மதிப்பைச் சம்பளத்தில் சேர்த்து, அந்தத் தொகையில் வீட்டுக்குச் சதவீதம் போட்டால் மதிப்பு தேவையில்லாமல் ஏறிவிடும். வீட்டில் இருந்த மாதங்களின் சம்பளத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். அக்டோபரில் குடிவந்தவருக்கு ஆறு மாதச் சம்பளம்தான் கணக்கு.

எங்க கம்பெனி ஒரு பழைய செட்டியார் வீட்ட வாடகைக்கு எடுத்திருக்கு. முகப்புல ஆபீஸ், உள்ள ரெண்டு ரூம்ல நான். மொத்த வாடகையும் என் தலையிலயா?

உங்கள் குடியிருப்புக்குத் தரப்பட்ட பகுதிக்கான வாடகைதான் உங்களுடையது. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இது அடிக்கடி வரும் சிக்கல். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் வீட்டை ஒரே வாடகைக்குப் பேசி விடுகிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரே தொகைதான் இருக்கும்.

ஒப்பந்தம் எழுதும்போதே அலுவலகப் பகுதிக்கு இவ்வளவு, குடியிருப்புக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டுக்கொண்டால் தகராறு இல்லை. ஏற்கெனவே ஒரே தொகையாக எழுதியிருந்தால், பரப்பளவைக் காட்டி எப்படிப் பிரித்தோம் என்ற குறிப்பைக் கம்பெனி கோப்பில் வைக்க வேண்டும். பின்னால் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வது எடுபடாது.

வீட்டுக்காரர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, விளக்கு எரிந்து வீடு புழங்கினால் போதும் என்று மிகக் குறைந்த வாடகைக்கு விடுவதும் உண்டு. அப்போது குறைவானது எது என்ற விதி உங்களுக்குச் சாதகம். வாடகை மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000. சம்பளத்தில் 10 சதவீதம் ஒரு லட்சத்துக்கு மேல் போனாலும் 48,000தான் மதிப்பு.

வீட்டுல பர்மா தேக்குக் கட்டில், அலமாரி எல்லாம் கிடக்கு. இன்னிக்கு விலைக்கு அதெல்லாம் லட்சக்கணக்குல போகும். அதுக்கும் வரி போடுவாங்களா?

இன்றைய விலை பார்ப்பதில்லை. கம்பெனி வாங்கிப் போட்ட சாமான் என்றால், வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் வீட்டின் மதிப்போடு கூடும். கட்டில், நாற்காலி மட்டுமல்லாமல் டி.வி., ஃபிரிட்ஜ், ஏ.சி., வாஷிங் மெஷின் எல்லாமே இதில் அடக்கம். கம்பெனி சாமான்களை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தால், அந்த வாடகை அப்படியே கூடும்.

நீங்கள் சொல்லும் தேக்குச் சாமான் வீட்டுக்காரருடையது. வீட்டு ஒப்பந்தத்தில் அதற்கென்று தனித் தொகை எழுதியிருந்தால் அதைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வீட்டு வாடகையோடு அது முடிந்தது.

கரண்ட் பில், தண்ணீர் பில்லைக் கம்பெனி கட்டினால் கட்டிய தொகை தனிப் பெர்க். பெருக்குகிறவர், காவல்காரர் சம்பளத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பெரிய வீடுகளில் இது நினைத்ததைவிடப் பெரிய தொகையாக வந்து நிற்கும்.

கார் கம்பெனியோடது. ஆபீஸ் வேலைக்கும் ஓடுது, வீட்டு வேலைக்கும் ஓடுது. இதுக்கு எப்படி?

இரண்டுக்கும் ஓடும் காருக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை இருக்கிறது. எஞ்சின் 1.6 லிட்டர் வரை என்றால் மாதம் 1,800, அதற்கு மேல் என்றால் 2,400. டிரைவரும் கொடுத்திருந்தால் இன்னொரு 900. பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டால் இந்தத் தொகை. சொந்த ஓட்டத்துக்கான செலவை நீங்களே பார்த்துக்கொண்டால் 1,800 என்பது 600 ஆகும், 2,400 என்பது 900 ஆகும். டிரைவருக்கான 900 மாறாது.

கார் எட்டு லட்சமா இருபது லட்சமா என்பதைப் பற்றி இந்த விதி கேட்பதில்லை, எஞ்சின் அளவு மட்டும்தான். ஆர்.சி. புத்தகத்தில் கன அளவு சி.சி.யில் இருக்கும். 1,498 சி.சி. என்றால் 1.6 லிட்டருக்குள் அடங்கும். இரண்டாவதாக இன்னொரு காரும் சொந்த உபயோகத்துக்கு இருந்தால் இந்தச் சலுகைத் தொகை ஒரு காருக்குத்தான். மற்றதற்கு முழுக்கச் சொந்த உபயோகம் என்று எடுத்து, ஆன செலவு, டிரைவர் சம்பளம், கார் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதத் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டுவார்கள்.

நான் கார எடுக்கிறதே வீட்டுலேருந்து ஆபீசுக்கும் திரும்பி வர்றதுக்கும்தான். அதுக்குமா?

வீட்டிலிருந்து வேலையிடம் போய் வருவதற்கு முதலாளியின் வண்டியைப் பயன்படுத்துவது பெர்க் ஆகாது. பிரிவு 17(2)இன் விளக்கத்திலேயே இது இருக்கிறது. கோட்டையூரிலிருந்து காரைக்குடி அலுவலகத்துக்கு வந்து போவதோடு கார் நின்றுவிடுகிறது என்றால் மதிப்பு ஏதும் கூட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதே காரில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி போய் வந்தால், கல்யாணத்துக்குத் திருமயம் போனால், அது இரண்டுக்கும் ஓடும் கார். முந்தைய பதிலில் சொன்ன மாதத் தொகை வந்துவிடும்.

முழுக்க ஆபீஸ் வேலைக்குத்தான்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?

சொன்னால் போதாது, ஏடு வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு நான்கையும் எழுதிய லாக் புத்தகம் கம்பெனியிடம் இருக்க வேண்டும். கார் முழுக்க அலுவலகப் பணிக்கே ஓடியது என்று முதலாளி சான்றும் தர வேண்டும். இரண்டும் இருந்தால் மதிப்பு பூஜ்யம்.

லாக் புத்தகம் பொய்யா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பன்னிரண்டு மாதமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாம் முழு எண்களாக 40, 60, 80 கிலோமீட்டர், ஓடோமீட்டர் எண் எங்குமே இல்லை. மார்ச் மாதம் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது அது. சர்வீஸ் பில்லில் அச்சாகியிருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் இரண்டே நிமிடத்தில் ஒத்துப்போகவில்லை என்று தெரியும். டிரைவரிடம் சிறு நோட்டுக் கொடுத்து, வண்டியை நிறுத்தும்போது ஓடோமீட்டர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அதுவே போதும்.

காருக்காக மாசம் 1,000 ரூபா என் சம்பளத்துல பிடிக்கிறாங்க. 1,800ல அத கழிச்சுட்டு 800 போட்டா சரிதானே?

சரியில்லை. வீட்டுக்குப் பிடித்ததைக் கழிக்கலாம் என்று மேலே சொன்னதால் காருக்கும் அதுவே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு உபயோகத்துக்கும் உள்ள காருக்கு நிலையான தொகை போடும்போது, ஊழியரிடம் பிடித்த தொகையைக் கழிக்க விதியில் இடமில்லை. முழுக்கச் சொந்த உபயோகத்துக்கான காருக்கு மட்டும்தான் அந்தக் கழிவு உண்டு. நீங்கள் 1,000 கொடுத்தும் 1,800 முழுதாகக் கூடும்.

அந்த ஆயிரத்தைச் சம்பளத்தில் பிடிப்பதைவிட, சொந்த ஓட்டத்துக்கு நீங்களே பெட்ரோல் போட்டுக்கொள்வது நல்லது. அப்போது மதிப்பு 600க்கு இறங்கும். உண்மையாகவே நீங்கள்தான் போட வேண்டும், பில்லும் உங்களிடம் இருக்க வேண்டும்.

கார் என்னோட பேர்ல. பெட்ரோல் பில்ல குடுத்தா கம்பெனி காசு குடுத்திடும். அப்ப எனக்குப் பெர்க்கே இல்லதானே?

இதுதான் அதிகம் பேர் ஏமாறும் இடம். உங்கள் காருக்கு ஆகும் செலவைக் கம்பெனி கொடுத்தால், கொடுத்த மொத்தத் தொகையிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடும் கார் என்றால் அதிலிருந்து மாதம் 1,800 அல்லது 2,400, டிரைவர் இருந்தால் இன்னொரு 900 கழிக்கலாம். மிச்சம் முழுக்கப் பெர்க்.

மாதம் 12,000 ரூபாய் பெட்ரோல் பில் வாங்கும் ஒருவரின் 1.2 லிட்டர் கார், டிரைவர் இல்லை. 12,000இல் 1,800 போக 10,200 மாதா மாதம் சம்பளத்தோடு கூடும். ஆண்டுக்கு 1,22,400. இதே செலவு கம்பெனி காருக்கு ஆகியிருந்தால் மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600தான். அலுவலக ஓட்டம் 1,800க்கு மேல் இருக்கிறது என்று லாக் புத்தகமும் முதலாளி சான்றும் காட்டினால் அதையும் கழிக்கலாம். ஊரூராகப் போகும் விற்பனை அதிகாரிகள் இதைச் செய்யாமல் விடவே கூடாது.

எனக்கு 12 லட்சம் சம்பளம், வரியே வராதுன்னு சொன்னாங்க. இப்ப 64,896 கட்டுன்னு தாள் வந்திருக்கு. எப்படி?

இப்படிக் கேட்டு வந்தவர் ஒரு கிளை மேலாளர். அவரது கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 7,20,000, வரிக்கு உட்பட்ட அலவன்ஸ் 4,20,000, போனஸ் 60,000. ஆக 12,00,000. புதிய முறையில் 75,000 நிலையான கழிவு போனால் 11,25,000. வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். அவருக்குச் சொல்லப்பட்டது இதுதான். வீட்டையும் காரையும் யாரும் சேர்க்கவில்லை.

வீடு கம்பெனி வாடகைக்கு எடுத்தது, மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000. சம்பளத்தில் 10 சதவீதம் 1,20,000. குறைந்தது 1,08,000. கம்பெனி வாங்கிப் போட்ட சாமான்களின் விலை 1,50,000, அதில் 10 சதவீதம் 15,000. சம்பளத்தில் மாதம் 1,500 பிடித்தார்கள், அது 18,000. எனவே வீட்டின் மதிப்பு 1,08,000 + 15,000 − 18,000 = 1,05,000. கார் 1.5 லிட்டர், டிரைவரோடு, இரண்டு உபயோகத்துக்கும் என்று எடுத்திருக்கிறார்கள். மாதம் 2,700, ஆண்டுக்கு 32,400. இரண்டும் சேர்ந்து 1,37,400.

மொத்தம் 13,37,400. அதில் 75,000 போக 12,62,400. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. விகிதப்படி வரி போட்டால் 4 முதல் 8 லட்சம் வரை 20,000, 8 முதல் 12 வரை 40,000, மீதி 62,400க்கு 15 சதவீதம் 9,360, ஆக 69,360. ஆனால் 12 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறவருக்கு, தாண்டிய தொகையைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது என்று ஒரு நிவாரணம் உண்டு. தாண்டியது 62,400, எனவே வரியும் 62,400. அதன்மேல் 4 சதவீத செஸ் 2,496. கூட்டினால் 64,896. தாளில் இருந்தது சரியான எண்தான்.

சரி, அத குறைக்க நேர்மையா ஏதாவது வழி இருக்கா?

அவர் நின்ற இடம் விசேஷமானது. 12 லட்சத்துக்கும் சுமார் 12,70,000க்கும் இடையில், கூடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் செஸ்ஸோடு ஒரு ரூபாய் நாலு காசு வரி போகிறது. அதனால் பெர்க்கின் மதிப்பில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக மிச்சம்.

அவரது கார் உண்மையில் தேவகோட்டை, புதுவயல், கல்லல் என்று வேலையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. லாக் புத்தகம் மட்டும் இல்லை. ஆண்டு தொடக்கத்திலிருந்தே புத்தகமும் சான்றும் இருந்திருந்தால் 32,400 இல்லாமல் போய், வருமானம் 12,30,000 ஆகியிருக்கும். வரி 30,000, செஸ் 1,200, ஆக 31,200. ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாததால் அவர் கட்டியது 33,696 ரூபாய். போன மாதங்களுக்கு இப்போது உட்கார்ந்து எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவரும் எழுதவில்லை. அடுத்த ஆண்டுக்கு நோட்டு போட்டாயிற்று.

வீடு கம்பெனிக்குச் சொந்தமாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். 12 லட்சத்தில் 5 சதவீதம் 60,000, சாமான் 15,000, பிடித்தது 18,000 போக 57,000. காரோடு 89,400. வருமானம் 12,14,400, வரி செஸ்ஸோடு 14,976. அதே சம்பளம், அதே வசதி, வீடு யார் பேரில் இருக்கிறது என்பதில் மட்டும் ஐம்பதாயிரம் வித்தியாசம். அவர் அதை மாற்ற முடியாது. ஆனால் குவார்ட்டர்ஸா வாடகை வீடா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர் கையெழுத்துப் போடும் முன் இதைக் கணக்குப் பார்க்கலாம்.

ஒவ்வொரு வருசமும் சம்பளம் ஏறுது. அதே குவார்ட்டர்ஸ்தான், அதே ஓடுதான் ஒழுகுது. மதிப்பு மட்டும் ஏறிக்கிட்டே போகுமா?

2023இல் வந்த மாற்றம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. கம்பெனிக்குச் சொந்தமான அதே வீடு அதே ஊழியரிடம் தொடர்ந்தால், முதல் ஆண்டு மதிப்பு விலைவாசிக் குறியீட்டின் அளவுக்குத்தான் ஏறலாம். அந்தக் குறியீடு 2023-24க்கு 348, 2024-25க்கு 363, 2025-26க்கு 376.

2024 ஏப்ரலில் குடிவந்தவரின் அப்போதைய சம்பளம் 10 லட்சம் என்றால் 5 சதவீதம் 50,000. இந்த ஆண்டு சம்பளம் 12 லட்சம், 5 சதவீதம் 60,000. வரம்பு 50,000 × 376 ÷ 363, அதாவது சுமார் 51,791. எனவே 60,000 போடக் கூடாது, 51,791தான். 2023-24க்கு முன்பே குடியிருப்பவருக்கு அந்த 2023-24 ஆண்டையே முதல் ஆண்டாக எடுக்க வேண்டும். சம்பள மென்பொருள் சிலவற்றில் முதல் ஆண்டு மதிப்பை நாமே உள்ளிட வேண்டியிருக்கும். விட்டுவிட்டால் 60,000 என்றே வரும்.

மெட்ராஸ்லேருந்து காரைக்குடிக்கு மாத்திட்டாங்க. பிள்ளைங்க படிப்புக்காக அங்க கம்பெனி வீட்ட விடல, இங்கயும் ஒண்ணு குடுத்திருக்காங்க. ரெண்டுக்கும் சேர்த்துப் போடுவாங்களா?

மாற்றலான முதல் 90 நாளுக்கு இரண்டில் மதிப்புக் குறைந்த ஒன்றுக்கு மட்டும். அதற்குப் பிறகும் இரண்டையும் வைத்திருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். இரண்டுமே கம்பெனியின் சொந்த வீடுகள், சம்பளம் மாதம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வீடு மாதம் 10,000, காரைக்குடி வீடு 5,000. முதல் 90 நாள் 5,000 வீதம்தான். பிறகு மாதம் 15,000.

ஜூனில் மாற்றலாகி முழுப் பரீட்சை வரை சென்னை வீட்டை வைத்திருப்பவருக்கு இது பெரிய தொகை. பிள்ளைகளின் படிப்பு முக்கியம்தான், விடச் சொல்லவில்லை. செப்டம்பரிலிருந்தே வரிப் பிடித்தம் கூடும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியே எங்க குடும்பத்தோடது. எங்க கார்ல நாங்க போறதுக்கு என்ன பெர்க்?

கம்பெனி என்றால் எது என்று பார்க்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் ஆக இருந்து நீங்கள் டைரக்டராகச் சம்பளம் வாங்கினால், மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். கார் போன்ற வசதிகளுக்கு வரி வரும் ஆட்கள் யார் என்ற பட்டியலில் டைரக்டருக்கே முதல் இடம். 20 சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமைப் பங்கு வைத்திருக்கும் ஊழியரும் அதில் உண்டு. இந்த இரண்டும் இல்லாத சாதாரண ஊழியருக்குக் காசாக வரும் சம்பளம் ஆண்டுக்கு 4 லட்சத்தைத் தாண்டினால்தான் கம்பெனி கார் பெர்க் ஆகும். இந்த வரம்பு முன்பு வெறும் 50,000 ஆக இருந்தது. வீட்டுக்கு இப்படி ஒரு வரம்பு கிடையாது. எவ்வளவு குறைந்த சம்பளமானாலும் வீடு பெர்க்தான்.

பார்ட்னர்ஷிப் நிறுவனமாக இருந்து நீங்கள் பார்ட்னர் என்றால் நீங்கள் ஊழியரே இல்லை, 3ஆம் விதி உங்களைத் தொடாது. அங்கே கேள்வி வேறு. காரின் சொந்த ஓட்டத்துக்கான செலவை நிறுவனத்தின் கணக்கில் செலவாக எழுத முடியாது, அந்தப் பங்கைக் கழித்துவிடுவார்கள்.

படிவம் 16ல வீடு, கார் எதுவுமே காட்டல. நாமளும் விட்டுடலாமா?

விட முடியாது. வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு முதலாளியுடையது, வருமானத்தைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. படிவம் 16இன் இரண்டாம் பகுதியில் 17(1), 17(2), 17(3) என்று மூன்று வரிகள் இருக்கும். நடுவில் உள்ளது பெர்க். அது பூஜ்யமாக இருந்தால் முதலில் கம்பெனிக் கணக்கரிடம் படிவம் 12பிஏ கேளுங்கள். ஒவ்வொரு பெர்க்கும், அதன் மதிப்பும், உங்களிடம் பிடித்ததும் அதில் வரிசையாக இருக்கும். விட்டுப்போயிருந்தால் திருத்திய படிவம் 16 தரச் சொல்ல வேண்டும்.

அவர்கள் தராவிட்டாலும் ரிட்டர்னில் `Value of perquisites as per section 17(2)` என்ற கட்டத்தில் நீங்களே மதிப்பைப் போட்டு, மீதி வரியைக் கட்டிவிட்டுத் தாக்கல் செய்யலாம். வாடகை ஒப்பந்தம், சாமான் பில்லின் நகல், சம்பளச் சீட்டு, காரின் ஆர்.சி. நகல் இந்த நான்கும் கையில் இருந்தால் மேலே உள்ள மேலாளர் கணக்கைப் போலவே நீங்களும் போட்டுவிடலாம்.

இதை ஏப்ரலிலேயே கேட்டு வாங்கினால் பிடித்தம் பன்னிரண்டு மாதமாகப் பரவும். பிப்ரவரியில்தான் கணக்கருக்கு நினைவு வந்தது என்றால், மேலாளருக்கு நடந்ததைப் போல 64,896 ரூபாயும் கடைசி இரண்டு சம்பளத்தில் போகும்.